அடுக்குமாடிக் குடியிருப்பில் வைஃபை சேனல் தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிக்னல் முழுசா காட்டுது. ஆனா ராத்திரி ஆனா வைஃபை இழுக்குது. சேனல் நெரிசல்தான் காரணம்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

முதலில் இணைய இணைப்பையும் வைஃபையையும் தனித்தனியாகச் சோதியுங்கள். வேகம் குறையும் அதே நேரத்தில் லேப்டாப்பை லேன் கேபிளால் ரூட்டரில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். கேபிளிலும் மெதுவாக இருந்தால் குறை இணைப்பு தருபவரிடம் இருக்கிறது. சேனலை மாற்றிப் பயனில்லை.

கேபிள் இல்லையென்றால் ரூட்டருக்கே பிங் என்ற சிறு சோதனைச் செய்தியை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கலாம். விண்டோஸில் `ipconfig` என்று தட்டினால் `Default Gateway` என்ற வரியில் ரூட்டரின் முகவரி தெரியும். அது 192.168.1.1 என்றால்:

```
ping -n 100 192.168.1.1
```

லினக்ஸிலும் மேக்கிலும் `-n` இருக்கும் இடத்தில் `-c` போடுங்கள். இந்தப் பிங் வீட்டுக்கு வெளியே போவதில்லை, லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் இடையே உள்ள காற்றை மட்டும்தான் கடக்கிறது. காற்று அமைதியாக இருந்தால் பெரும்பாலான பதில்கள் சில மில்லிசெகண்டில் வந்துவிடும். ரூட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் 80, 150 என்று எண்கள் தாவினால், நடுநடுவே `Request timed out` வந்தால், அலைவரிசையில் கூட்டம் இருக்கிறது. காலையில் ஒரு முறையும் இரவு நெரிசல் நேரத்தில் ஒரு முறையும் எடுத்து ஒப்பிடுங்கள். சேனலை மாற்றிய பிறகும் இதே சோதனைதான் அளவுகோல் என்பதால் இந்த எண்களைக் குறித்து வையுங்கள். மொபைலில் இதைச் செய்ய வேண்டாம். பேட்டரியைச் சேமிக்க மொபைல் தன் வைஃபையை அடிக்கடி தூங்க வைக்கும், அந்தத் தாமதமும் கணக்கில் சேர்ந்துவிடும். லேப்டாப்பையும் சார்ஜரில் போட்டே சோதியுங்கள்.

சிக்னல் கோடுகள் உங்கள் ரூட்டரின் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதைத்தான் காட்டுகின்றன. அதே நேரத்தில் வேறு எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பது அதில் தெரியாது.

ரூட்டர்ல 13 சேனல் இருக்கு. ஏன் எல்லாரும் 1, 6, 11 மட்டும்தான்னு சொல்றாங்க?

2.4 ஜிகாஹெர்ட்ஸில் சேனல் எண்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. சேனல் 1-இன் நடுப்புள்ளி 2412, சேனல் 2-க்கு 2417, சேனல் 6-க்கு 2437, சேனல் 11-க்கு 2462. ஆனால் ஒரு வைஃபை சிக்னல் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அடைத்துக்கொள்ளும். சேனல் 1-இல் இருக்கும் ரூட்டர் 2402 முதல் 2422 வரை பரவுகிறது. அதாவது 2, 3, 4 எல்லாவற்றின் மீதும் அது படிகிறது. ஒன்றின் மேல் ஒன்று படாமல் வைக்க வேண்டுமென்றால் 1, 6, 11 என்ற மூன்று இடங்கள்தான் வசதியாகக் கிடைக்கின்றன. 13 எண்கள் இருந்தாலும் நடைமுறையில் இருப்பது மூன்றே மூன்று பாதைகள்.

ஸ்கேன் செஞ்சு பார்த்தேன். 1, 6, 11 மூணும் நிரம்பி வழியுது. 3-லயும் 4-லயும் ஒருத்தருமே இல்ல. அங்க போயிடலாமா?

வேண்டாம். அந்த இடம் காலியாகத் தெரிவது ஆப்பின் வரைபடத்தில் மட்டும்தான். காற்றில் அது இரண்டு கூட்டங்களுக்கு நடுவே இருக்கும் இடம்.

வைஃபை கருவிகள் பேசுவதற்கு முன் கேட்கும். அதே சேனலில் இன்னொரு வைஃபை பேசினால், அதன் தொடக்கக் குறியை அடையாளம் கண்டு, அது முடியும்வரை காத்திருக்கும். சிக்னலின் உரக்கத்தை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள், எண் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க உரக்கம் கூடும். இந்த மரியாதைக்கான வரம்பு 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் -82 டிபிஎம். அவ்வளவு மெலிதான சிக்னலையும் கண்டுபிடித்து வழிவிட வேண்டும் என்பது விதி. நல்ல சிப்கள் இதைவிட மெலிதானதையும் பிடித்துவிடும். அதனால் ஒரே சேனலில் நான்கு வீடுகள் இருந்தால் நான்கும் முறைபோட்டுப் பேசும். வேகம் பங்குபோகும், ஆனால் பேச்சு சிதையாது.

பாதி மட்டும் மேற்படிந்த சேனலில் நடப்பது வேறு. நீங்கள் 3-இல் இருக்கிறீர்கள், பக்கத்து வீடு 1-இல் இருக்கிறது. அந்த சிக்னலின் ஒரு பகுதி மட்டுமே உங்கள் ரூட்டரின் காதில் விழுகிறது. அது வைஃபை என்றே ரூட்டருக்குப் புரியாது, வெறும் இரைச்சலாகத்தான் தெரியும். இரைச்சலுக்கு வழிவிட வேண்டிய வரம்போ -62 டிபிஎம். அதற்குக் கீழே இருந்தால் ரூட்டர் பொருட்படுத்தாமல் பேசத் தொடங்கிவிடும். சிக்கல் இந்த 20 டெசிபல் இடைவெளியில்தான் இருக்கிறது: உங்கள் பேச்சைக் கெடுக்கும் அளவுக்கு உரக்கம், ஆனால் காத்திருக்க வைக்கும் அளவுக்கு உரக்கமில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இருவருடைய பாக்கெட்டும் சிதைந்து, இருவரும் திரும்ப அனுப்புவார்கள். தோல்விகள் கூடும்போது கருவிகள் தங்கள் வேகத்தையும் தாமாகவே குறைத்துக்கொள்ளும். அப்போது ஒவ்வொரு பாக்கெட்டும் இன்னும் அதிக நேரம் காற்றை அடைத்துக்கொண்டிருக்கும்.

3-இல் உட்கார்ந்தால் 1-இல் இருப்பவர்களோடும் 6-இல் இருப்பவர்களோடும் ஒரே சமயத்தில் இப்படி மோத வேண்டிவரும். நெரிசலான சேனல் 1, காலியாகத் தெரியும் சேனல் 3-ஐவிட எப்போதும் நல்லது என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஸ்கேன் எதில் செய்வது? மொபைல் ஆப் போதுமா?

ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகை ஆப் எது வேண்டுமானாலும் போதும். ஆண்ட்ராய்டு 9 முதல் ஓர் ஆப் இரண்டு நிமிடத்தில் நான்கு முறை மட்டுமே ஸ்கேன் செய்ய முடியும். அதனால் திரையில் இருக்கும் எண்கள் பழையவையாக இருக்கலாம், கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகு டெவலப்பர் ஆப்ஷன்ஸில் `Wi-Fi scan throttling` என்பதை அணைத்து வைக்கலாம்.

ஐபோனில் மற்ற ஆப்களுக்கு ஸ்கேன் செய்ய அனுமதி இல்லை. ஆப்பிளின் `AirPort Utility` ஆப்பை நிறுவி, ஐபோன் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய் `Wi-Fi Scanner` என்பதை இயக்கினால், ஆப்புக்குள் ஸ்கேன் வசதி வரும். மேக்கில் `Option` விசையை அழுத்தியபடி வைஃபை சின்னத்தைச் சொடுக்கி `Wireless Diagnostics` திறந்து, `Window` மெனுவில் `Scan` எடுங்கள்.

விண்டோஸில்:

```
netsh wlan show networks mode=bssid
```

உங்கள் நெட்வொர்க் மட்டுமே வந்தால் பயப்பட வேண்டாம். கீழ்ப்பட்டையில் வைஃபை பட்டியலை ஒருமுறை திறந்து, சில நொடிகள் கழித்து மறுபடி கட்டளையைக் கொடுங்கள். புதிய விண்டோஸ் 11-இல் இருப்பிட அனுமதி இல்லையென்றால் இந்தக் கட்டளை மறுக்கப்படும். சிக்னலை இது சதவீதத்தில் காட்டும். அதைப் பாதியாக்கி 100-ஐக் கழித்தால் ஏறத்தாழ டிபிஎம் கிடைக்கும்: 50 சதவீதம் என்பது -75 டிபிஎம்.

லினக்ஸில்:

```
nmcli -f SSID,BSSID,CHAN,SIGNAL dev wifi list --rescan yes
```

எதில் செய்தாலும் இரண்டு இடங்களில் செய்யுங்கள்: ரூட்டருக்குப் பக்கத்தில் ஒன்று, நீங்கள் வழக்கமாக உட்காரும் அறையில் ஒன்று. கூடத்தில் இருக்கும் ரூட்டருக்குக் கேட்காத பின்வீட்டு ரூட்டர், படுக்கையறையில் இருக்கும் உங்கள் மொபைலுக்குப் பலமாகக் கேட்கலாம். டவுன்லோடு மொபைலின் காதில்தான் வந்து விழுகிறது என்பதால், இரண்டு பட்டியலும் முரண்பட்டால் நீங்கள் உட்காரும் இடத்தின் பட்டியலுக்கே மதிப்புக் கொடுங்கள்.

பட்டியல் கையில் இருக்கு. இதை வச்சு எப்படி முடிவு பண்றது?

பெயர்களை எண்ணி முடிவு செய்யாதீர்கள். பல ஆப்கள் அப்படித்தான் எண்ணி, நட்சத்திரம் கொடுத்துத் தவறான சேனலைக் காட்டுகின்றன. கீழே உள்ளது போன்ற ஒரு பட்டியலை எடுத்துக்கொள்வோம். படுக்கையறையில் எடுத்த ஸ்கேன் இது. உங்கள் சொந்த ரூட்டர் அங்கே -55 டிபிஎம்மில் கேட்கிறது, அதைப் பட்டியலிலிருந்து நீக்கியாயிற்று.

| சேனல் | மற்ற ரூட்டர்களின் சிக்னல், டிபிஎம்மில் |
|---|---|
| 1 | -51, -64, -86 |
| 3 | -67 |
| 6 | -58, -60, -73, -84 |
| 11 | -74, -77, -79, -80, -85, -88, -90 |

எண்ணிப் பார்த்தால் சேனல் 1-தான் சிறந்தது, மூன்றே பேர். 11 மோசம், ஏழு பேர். இப்போது உரக்கத்தைப் பாருங்கள்.

சேனல் 1-இல் -51 என்று ஒருவர் இருக்கிறார். உங்கள் ரூட்டரைவிட அவர் ரூட்டர் உங்கள் கட்டிலுக்கு நெருக்கமாகக் கேட்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும். அவருடைய மொபைல், டிவி எல்லாமும் அப்படியே பலமாகக் கேட்கும். அவரோடு முறைபோட்டுக்கொள்ளலாம், அது பெரிய குறை இல்லை. பெரிய குறை சேனல் 3-இல் இருப்பவர். அவருடைய பரப்பு 2412 முதல் 2432 வரை. சேனல் 1-இன் மேற்பாதி முழுவதும் அவருடைய பரப்புக்குள் வருகிறது. பாதி அகலம் என்பதால் -67 என்பது ஏறத்தாழ -70 ஆக உங்கள் மேல் விழும். உங்கள் -55-க்கும் அதற்கும் 15 டெசிபல்தான் வித்தியாசம். வைஃபையின் உயர்ந்த வேகங்களுக்கு 25 டெசிபலாவது வேண்டும். அவர் பேசும்போதெல்லாம் உங்கள் வேகம் படிக்குப் படி இறங்கும்.

சேனல் 6-இல் பலமானவர்கள் இருவர், போதாதற்கு 3-இல் இருப்பவரின் கால்பகுதியும் இங்கே வந்து விழுகிறது.

சேனல் 11 தொடங்குவதே 2452-இல். சேனல் 3 அங்கே எட்டவில்லை. இருக்கும் ஏழில் நான்கு பேர் -74 முதல் -80 வரை, அவர்களோடு முறைபோட வேண்டும். மீதி மூவர் -82-க்குக் கீழே. உங்கள் ரூட்டர் அவர்களுக்குச் சில நேரம் காத்திருக்கும். காத்திருக்காமல் பேசினாலும் உங்கள் -55 அவர்களைவிட 30 டெசிபல் உரக்கம், மொபைலுக்குப் பாதிப்பு வராது. முதல் தேர்வு 11.

இதோடு முடித்துக்கொள்ளவும் கூடாது. அந்த நால்வரும் இரவெல்லாம் படம் பார்ப்பவர்களா, வீட்டிலேயே இல்லாதவர்களா என்பது சிக்னல் அளவில் தெரியாது.

ஒரு சேனல் எவ்வளவு நேரம் பிஸியா இருக்குன்னு பார்க்க வழி இருக்கா?

இருக்கிறது, பலருக்குத் தெரியாத வழி. பல ரூட்டர்கள் தங்கள் பீக்கனிலேயே, அதாவது பெயரை அறிவிக்கும் சிறு பாக்கெட்டிலேயே, தாங்கள் கேட்கும் சேனல் எவ்வளவு நேரம் பிஸி என்பதையும் 0 முதல் 255 வரையான எண்ணாகச் சொல்கின்றன. புதிய விண்டோஸ்களில் மேலே சொன்ன `netsh` கட்டளையின் விடையில் `Channel Utilization` என்ற வரியாக இது வரும். மேலே கண்ட பட்டியலில் இரவு நேரத்தில் இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்: சேனல் 1-இல் 156, சேனல் 6-இல் 184, சேனல் 11-இல் 97. 255-ஆல் வகுத்தால் முறையே 61, 72, 38 சதவீதம். 11-ஐத் தேர்ந்தது சரி என்று உறுதியாகிறது.

எண்கள் தலைகீழாக, 11-இல் 70 சதவீதமும் 1-இல் 25 சதவீதமும் என்று வந்திருந்தால் 1-ஐயும் சோதித்துப் பார்க்கச் சொல்வோம். ஆனால் 3-இல் இருப்பவரின் இரைச்சல் இந்த எண்ணில் முழுமையாகப் பதிவாகாது என்பதை மறக்கக் கூடாது. இன்னொன்று, இது அந்தந்த ரூட்டர் இருக்கும் இடத்தில் கேட்கும் நெரிசல். பலமாகக் கேட்கும் ரூட்டரின் எண்தான் உங்கள் வீட்டு நிலைமைக்கு நெருக்கமானது.

லினக்ஸில் சில வைஃபை அட்டைகள் இதை நேரடியாகவே அளக்கும்:

```
iw dev wlan0 survey dump
```

`channel busy time`-ஐ `channel active time`-ஆல் வகுத்தால் பிஸி விகிதம். `wlan0` இருக்கும் இடத்தில் உங்கள் அட்டையின் பெயரைப் போடுங்கள்.

சரி, ரூட்டரில் எங்கே போய் மாற்றுவது?

பிரௌசரில் ரூட்டரின் முகவரியைத் தட்டி உள்ளே நுழையுங்கள். கடவுச்சொல் மாற்றப்படவில்லை என்றால் ரூட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். `Wireless` அல்லது `WLAN` பிரிவில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்தைத் திறந்து, `Channel` என்பதில் `Auto`-வை எடுத்துவிட்டு 11 வையுங்கள். அதே பக்கத்தில் `Channel Width` அல்லது `Bandwidth` என்று இருப்பதை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். சேமித்ததும் வைஃபை சில நொடிகள் அணைந்து வரும், கருவிகள் தாமாக மீண்டும் சேர்ந்துகொள்ளும்.

அகலத்தை 20-க்கு இறக்குவதை விட்டுவிடாதீர்கள். 40 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் மூன்று பாதைகளில் இரண்டை நீங்களே அடைத்துக்கொள்வீர்கள். காகிதத்தில் வேகம் இரட்டிப்பு. அடுக்குமாடியில் அது இரண்டு கூட்டத்தோடும் மோதுவதற்கான ஏற்பாடு. `20/40` என்ற தேர்வில், பக்கத்தில் மற்ற நெட்வொர்க்குகள் இருந்தால் ரூட்டர் தானாக 20-க்கு இறங்க வேண்டும் என்பதுதான் முறை. அதை மதிக்காத ரூட்டர்களும் இருப்பதால் கையால் 20 என்று வைப்பதே நிம்மதி.

சிக்னலை நீட்டிக்கும் ரிப்பீட்டர் வைத்திருந்தால், அது மூல ரூட்டரின் சேனலுக்குத் தானே மாறிவிடும்.

எல்லாத்தையும் Auto-வே பார்த்துக்காதா?

நல்ல ரூட்டரில் ஓரளவு பார்த்துக்கொள்ளும். பல சாதாரண ரூட்டர்கள் இயங்கத் தொடங்கும்போது ஒரே ஒருமுறை சுற்றிப் பார்த்துச் சேனலைத் தேர்ந்துவிட்டு, அடுத்த முறை ரீபூட் ஆகும்வரை அப்படியே இருந்துவிடும். பகல் இரண்டு மணிக்கு அமைதியாக இருந்த சேனல் இரவு பத்து மணிக்கு எப்படி என்று அதற்குத் தெரியாது. மின்தடைக்குப் பிறகு நிலைமை இன்னும் வேடிக்கை: கட்டடத்தில் உள்ள எல்லா ரூட்டர்களும் ஒரே நொடியில் எழுந்து, ஒரே நேரத்தில் காலியான காற்றைப் பார்த்து, பலவும் ஒரே சேனலில் போய் உட்காரும்.

ரூட்டர் 2, 4, 9 போன்ற எண்ணைத் தானாகத் தேர்ந்திருப்பதை ஸ்கேனில் பார்த்தால் `Auto`-வை அன்றே எடுத்துவிடுங்கள். அதே காரணத்துக்காக, 3-இல் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி 1-க்கு மாறச் சொல்வதும் பயன் தரும். அவருக்கும் வேகம் கூடும், யாருக்கும் இழப்பில்லை.

12, 13 காலியா இருக்கு. அங்க?

11-இல் ஒருவரும் பலமாகக் கேட்காத வீட்டில் மட்டும் யோசிக்கலாம். 11-இல் பலமானவர் இருந்தால் 13 அவரோடு பாதி அகலத்துக்கு மோதும், சேனல் 3 கதைதான். கூடவே, சில நாடுகளின் விதிப்படி தயாரான லேப்டாப்புகளும் ஸ்மார்ட் கருவிகளும் 12, 13-ஐப் பார்க்கவே பார்க்காது. மாற்றிய பிறகு ஒரு கருவிக்கு மட்டும் நெட்வொர்க் பெயர் காணாமல் போனால் அதுதான் காரணம். இல்லாத சேனல்களைத் திறக்க ரூட்டரில் நாட்டின் பெயரை மாற்றி வைப்பது சட்டப்படி தவறு.

5 ஜிகாஹெர்ட்ஸ்க்கு மாறிட்டா இந்தத் தலைவலியே இருக்காதா?

பெரும்பகுதி போய்விடும். டிவி, லேப்டாப், புதிய மொபைல் எல்லாவற்றையும் 5-க்குக் கொண்டுபோவதுதான் முதல் வேலை. 2.4-ஐ அது மட்டுமே தெரிந்த கருவிகளுக்கு விட்டுவிடலாம். 5 ஜிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும்போது அதிகம் இளைக்கும். இங்கே அது வசதி, பக்கத்து வீட்டு ரூட்டரும் இளைத்தே வந்து சேரும். இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் கருவி 2.4-லேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது 5-க்கு வேறு பெயர் வைத்துப் பிரித்துவிடுங்கள்.

5-இலும் கூட்டம் ஓரிடத்தில்தான் சேரும். பல ரூட்டர்கள் 36 முதல் 48 வரையிலோ 149 முதல் 161 வரையிலோ போய் உட்காருகின்றன. நடுவே 52 முதல் 64 வரையும், 100 முதல் 144 வரையும் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கும். எந்தெந்தச் சேனலுக்கு அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும், ரூட்டரின் பட்டியலில் இருப்பதே உங்களுக்கு உள்ளது.

இங்கே எல்லோரும் தவறுவது ஓரிடத்தில். ஸ்கேனில் 36-இல் ஐந்து பேர், 44-இல் யாருமில்லை என்று பார்த்து 44-க்கு மாறுகிறார்கள். அகலம் 80 மெகாஹெர்ட்ஸ் என்றால் 36, 40, 44, 48 நான்கும் சேர்ந்து ஒரே தொகுதி. 36-இலிருந்து 44-க்குப் போனால் அதே அறைக்குள் நாற்காலி மாற்றியதுதான். உண்மையில் வெளியே வர வேண்டுமென்றால் 52, 100, 116, 132, 149 என்று தொடங்கும் வேறொரு தொகுதிக்குப் போக வேண்டும். எல்லாத் தொகுதியிலும் பலமானவர்கள் இருந்தால் அகலத்தை 40-க்கு இறக்குங்கள். ஸ்பீடு டெஸ்டின் உச்ச எண் குறையும், ஆனால் அண்டை வீட்டாரோடு மோதும் இடம் பாதியாகி இரவு நேரத் தாவல்கள் அடங்கும். வீடியோ அழைப்புக்கு இரண்டாவதுதான் முக்கியம். 160 மெகாஹெர்ட்ஸை அடுக்குமாடியில் தொடவே வேண்டாம்.

ரூட்டரிலும் கருவியிலும் 6 ஜிகாஹெர்ட்ஸ் இருந்து நாட்டில் அனுமதியும் இருந்தால், ரூட்டர் இருக்கும் அறைக்கு அதைவிட அமைதியான இடம் இப்போதைக்கு இல்லை.

சேனல் 100 வச்சேன். ரூட்டர் ஆன் ஆகியும் 5 ஜிகாஹெர்ட்ஸ் பேரே வரல. கெட்டுப் போச்சா?

இல்லை, ஒரு நிமிடம் பொறுங்கள். 52 முதல் 144 வரையான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அதனால் ரூட்டர் பேசத் தொடங்கும் முன் 60 நொடி காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. வானிலை ரேடார்கள் இருக்கும் 120 முதல் 128 வரை சில நாடுகளில் இந்தக் காத்திருப்பு 10 நிமிடம். இடையில் ரேடார் சிக்னல் கேட்டால் ரூட்டர் உடனே சேனலை விட்டு வெளியேறி, அடுத்த 30 நிமிடம் அங்கே திரும்பக் கூடாது.

நீங்கள் 100-இல் வைத்த ரூட்டர் ஸ்கேனில் 36-இல் தெரிந்தால், ரூட்டரின் `System Log` பக்கத்தில் ரேடார் பற்றிய வரி இருக்கிறதா பாருங்கள். எப்போதோ ஒருமுறை என்றால் விட்டுவிடலாம். வாரத்துக்குப் பலமுறை என்றால், விமான நிலையமோ துறைமுகமோ அருகில் இருக்கலாம், அந்தச் சேனல்கள் உங்களுக்கில்லை. சில டிவி ஸ்டிக்குகளும் பழைய கருவிகளும் இந்தச் சேனல்களைப் பார்ப்பதே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

கெஸ்ட் நெட்வொர்க் யாரும் பயன்படுத்தறதில்லை. ஆன்லயே இருந்தா என்ன நஷ்டம்?

யாரும் சேராவிட்டாலும் அது நொடிக்குப் பத்து முறை தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும். 2.4-இல் பீக்கன் பொதுவாக 1 எம்பிபிஎஸ் என்ற மிக மெதுவான வேகத்தில் போகிறது. 300 பைட் பீக்கன் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.6 மில்லிசெகண்ட். 102.4 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை என்றால் ஒரு பெயருக்கு 2.5 சதவீத நேரம் போகிறது. ஒரே சேனலில் பலமாகக் கேட்கும் பத்துப் பெயர்கள் இருந்தால், ஒருவரும் ஒரு பைட்கூட டவுன்லோடு செய்யாமலேயே கால்பங்கு நேரம் தீர்ந்துவிடும். வேண்டாத பெயர்களை அணையுங்கள். `Mode` பட்டியலில் `802.11b`-ஐ விட்டுவிட்டு `g/n` மட்டும் வைக்க முடிந்தால், அதற்கேற்ப பீக்கனை 6 எம்பிபிஎஸ்ஸுக்கு உயர்த்தும் ரூட்டர்களில் இந்தச் செலவு ஆறில் ஒரு பங்காகக் குறையும். மிகப் பழைய கருவி ஏதாவது துண்டிக்கப்பட்டால் பழையபடி மாற்றிவிடுங்கள்.

பவரை உச்சத்தில் வைத்தால் அண்டை வீட்டு சிக்னலை அமுக்கிவிடாதா?

ரூட்டர் கத்தினாலும் மொபைல் கத்த முடியாது. அதன் சின்ன ஆண்டெனாவும் பேட்டரியும் அனுப்பும் பதில் பழைய உரக்கத்தில்தான் திரும்பி வரும். நீங்கள் கத்துவதால் இன்னும் பல வீடுகள் உங்களுக்காகக் காத்திருக்கும், அவர்களும் பதிலுக்குப் பவரை ஏற்றுவார்கள். அதைவிட ரூட்டரைப் பொதுச்சுவரிலிருந்து எடுத்து, வீட்டின் நடுவே, நெஞ்சுயரத்தில் வைப்பது மேல். உங்கள் சிக்னல் சில டெசிபல் கூடும், அண்டை வீட்டு சிக்னல் சில டெசிபல் குறையும்.

எல்லாம் செஞ்சாச்சு. சேனல் 11, அகலம் 20. ஒண்ணும் மாறல. இப்ப என்ன?

மாற்றுவதற்கு முன் எடுத்த பிங் எண்களை, அதே இரவு நேரத்தில், அதே இடத்தில் எடுத்த புதிய எண்களோடு ஒப்பிடுங்கள். ரூட்டருக்கான பிங் சீராகி, இணையம் மட்டும் மெதுவாக இருந்தால் வைஃபை வேலை முடிந்தது, இணைப்பு தருபவரிடம் பேச வேண்டும்.

பிங் இன்னும் தாவினால், ஸ்கேனில் தெரியாத எதிரி இருக்கலாம். மைக்ரோவேவ் அடுப்பு 2450 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் இரையும். அது ஓடும் நிமிடங்களில் மட்டும் பிங் கெட்டால் கண்டுபிடித்துவிட்டீர்கள். யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கும் அதன் கேபிளும் 2.4-இல் இரைச்சல் கக்கும். லேப்டாப்பிலிருந்து அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை பிங் எடுங்கள். ரூட்டரின் பின்னாலேயே ஒரு பென் டிரைவ் செருகியிருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள்.

இரண்டும் இல்லையென்றால் மூன்று பாதைகளும் உண்மையிலேயே நிரம்பிவிட்டன, 2.4-இல் இனித் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. அப்போது நகராத கருவிகளைக் கேபிளுக்கு மாற்றுங்கள். முதலில் டிவி, ஏனென்றால் வீட்டில் மணிக்கணக்கில் தொடர்ந்து டேட்டா இழுப்பது பெரும்பாலும் அதுதான். அடுத்து மேசைக் கணினி. அவை இரண்டும் காற்றை விட்டு இறங்கினாலே மொபைல்களுக்குப் போதுமான இடம் கிடைக்கும்.